காயங்களுக்கு ஒரு பெரிய அட்டவணையா, சோடி அட்டவணைகளா?

சட்ட மருத்துவத்தில் காயங்கள் பற்றிய பகுதிக்குக் குறிப்பெடுத்தவர்கள் பரீட்சை நெருங்கும்போது இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி எல்லாக் காய வகைகளையும் ஒரே பெரிய தாளில் போட்டு, விடுதிச் சுவரில் ஒட்டிவைக்கும். மற்றக் கட்சி ஒன்றோடொன்று குழம்பும் இரண்டு காயங்களை மட்டும் எடுத்து, சின்னச் சின்ன அட்டவணையாகப் போட்டுக்கொள்ளும். பேராதனையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதலாவது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன், அதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

பெரிய அட்டவணை வழக்கமாக இப்படி இருக்கும். மேலே சிராய்ப்பு, கண்டல், கிழிகாயம், வெட்டுக்காயம், கொத்துக்காயம், குத்துக்காயம் என்று ஆறு நிரல்கள். பக்கத்தில் ஆயுதம், விளிம்பு, நீளமும் ஆழமும், இரத்தப்போக்கு, முடி, அடியிலுள்ள எலும்பு என்று ஆறு நிரைகள். ஆக 36 கட்டங்கள். இதன் நல்ல குணம், எதைப் படிக்காமல் விட்டோம் என்பது வெறுங்கட்டமாகப் பளிச்சென்று தெரியும். சரி, பிழை போடும் பல்தேர்வு வினாக்களுக்கு இதுவே போதும். "குத்துக்காயத்தில் நீளத்தைவிட ஆழம் அதிகம்" என்ற மாதிரி ஒரு வரி வந்தால், அந்தக் கட்டம் கண்முன் வந்து நிற்கும்.

சிக்கலும் அந்த வெறுங்கட்டத்தில்தான் தொடங்குகிறது. கட்டம் என்று ஒன்று இருந்தால் கை சும்மா இருக்காது. கண்டலுக்கு நேரே "முடி" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? எதையாவது எழுதி நிரப்புகிறோம். அதே நிரையில் கிழிகாயத்துக்கு நேரே இருக்கும் தகவல் ஒரு வழக்கையே தீர்மானிக்கக் கூடியது. இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அளவு இடத்தில். எது முக்கியம் என்று தாள் சொல்லாது.

இரத்தப்போக்கு நிரையும் அப்படித்தான். வெட்டுக்காயத்தில் நாளங்கள் சுத்தமாக அறுபடுவதால் இரத்தம் அதிகம், கிழிகாயத்தில் நாளங்கள் நசுங்குவதால் குறைவு என்று எழுதுவோம். பொதுவாகச் சரிதான். ஆனால் உச்சந்தலைத் தோலில் கிழிகாயமும் நன்றாகவே இரத்தம் கொட்டும். பரீட்சையில் படமாக வரும் கிழிகாயம் பெரும்பாலும் எங்கே இருக்கும்? தலையில்தான்.

இவற்றைவிட எனக்குப் பிடிக்காதது, "ஆயுதம்" என்ற நிரை மேலே முதலாவதாக உட்கார்ந்திருப்பது. நம் தோட்டங்களில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூர்விளிம்பு தோலில் இழுபட்டால் வெட்டுக்காயம். அதே விளிம்பு ஓங்கிய வீச்சில் எலும்புவரை இறங்கினால் கொத்துக்காயம். பின்புற முதுகால் தலையில் அடித்தால் கிழிகாயம். பிடியால் தோளில் இடித்தால் கண்டல். ஆயுதம் ஒன்று, காயம் நான்கு. பரீட்சையிலும் சரி, நீதிமன்றத்திலும் சரி, நம் கையில் முதலில் இருப்பது காயம். அதைப் பார்த்துத்தான் எந்த வகை ஆயுதம் என்று சொல்ல வேண்டும். பெரிய அட்டவணை இந்த ஓட்டத்தைத் தலைகீழாகப் பழக்கிவிடுகிறது. கத்தி என்ற சொல்லைக் கேட்டதுமே வெட்டுக்காயம் என்று வாய் சொல்லிவிடும்.

சோடி அட்டவணையில் ஆயுதம் வராது, வந்தாலும் கடைசியில் முடிவாகத்தான் வரும். நிரைகள் கண்ணும் கையும் போகும் வரிசையில் இருக்கும். எனக்கு ஒரேயொரு சோடிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்:

| எங்கே பார்ப்பது | கிழிகாயம் | வெட்டுக்காயம் |
|---|---|---|
| முடி | அறுபடாமல் காயத்தின் குறுக்கே கிடக்கும், உள்ளே அமுங்கியும் இருக்கும். வேர் நசுங்கியிருக்கலாம் | விளிம்போடு சுத்தமாக அறுபட்டிருக்கும் |
| விளிம்பு | ஓரத்தில் சிராய்ப்பு, கண்டல் | சிராய்ப்போ கண்டலோ இல்லாத நேர் விளிம்பு |
| அடியாழம் | ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திசுப் பாலங்கள் | பாலம் இல்லை, எல்லாம் அறுபட்டிருக்கும் |
| முனை | ஒழுங்கில்லாமல் கிழிந்து நிற்கும் | ஒரு முனையில் மேலோட்டமாகி வால்போல் நீளலாம் |
| உள்ளே | மண், மணல், பாசி இருக்கலாம் | பொதுவாகச் சுத்தம் |

இந்தச் சோடிக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தோலுக்கு நேர் கீழே எலும்பு இருக்கும் இடங்களில், அதாவது மண்டை, புருவம், கன்ன எலும்பு, முன்கால் எலும்பு ஆகிய இடங்களில், மொட்டையான அடி விழுந்தால் தோல் எலும்புக்கும் அடித்த பொருளுக்கும் நடுவில் நசுங்கி நேர்கோடாகப் பிளக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கத்தியால் கீறியது போலவே இருக்கும். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். 45 வயதுத் தோட்டத் தொழிலாளி. தலையின் இடப்பக்கம், காதுக்கு நன்றாக மேலே, 5 செ.மீ. நீளத்தில் நேரான காயம், வாய் பிளந்து இரத்தம் வழிகிறது. கவ்வாத்துக் கத்தியால் வெட்டினான் என்கிறார் அவர். தள்ளுமுள்ளில் லயத்துப் படியில் வழுக்கி விழுந்து படி விளிம்பில் தலை அடிபட்டது என்கிறார் மற்றவர்.

பெரிய அட்டவணையைக் கையில் வைத்திருப்பவருக்கு நேரான காயம், இரத்தம் அதிகம், கத்தி என்ற வாக்குமூலம் என மூன்று கட்டங்கள் உடனே பொருந்திவிடும். வெட்டுக்காயம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

சோடி அட்டவணைக்காரர் காயத்தைக் கழுவி, கைவில்லையை எடுக்க வேண்டும். முடியைப் பார்க்கிறார். நாலைந்து முடிகள் அறுபடாமல் காயத்தின் குறுக்கே ஒட்டிக் கிடக்கின்றன, சில உள்ளே அமுங்கியிருக்கின்றன. மேல் விளிம்பை ஒட்டி 3 மி.மீ. அகலத்தில் பழுப்பாக ஒரு சிராய்ப்புப் பட்டை. விளிம்புகளை மெல்ல விரித்தால், முக்கியமாக இரண்டு மூலைகளிலும், நூல்நூலாகத் திசுக்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகின்றன. அடியில் இரண்டு மூன்று மணல் துகள்கள். எலும்பில் கீறல் இல்லை. இது கிழிகாயம். கூர்விளிம்பு அந்தத் திசுப் பாலங்களை விட்டுவைத்திருக்காது.

இங்கேதான் பலர் ஒரு படி கூடத் தாண்டிவிடுவார்கள். கிழிகாயம் என்றால் மொட்டை விசை என்று மட்டும்தான் பொருள். விழுந்தார் என்று அது சொல்லவில்லை. கத்தியின் முதுகாலும் இதே காயம் வரும். மணல், அடிபட்ட பிறகு தரையில் விழுந்தாலும் ஏறும். ஆகவே கருத்து இப்படி இருக்க வேண்டும்: கூர்விளிம்பால் ஏற்பட்டதல்ல; படி விளிம்பில் மோதியதற்குப் பொருந்துகிறது; கத்தியின் மொட்டைப் பகுதியால் அடித்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

சிலர் இந்த இடத்தில் தொப்பி விளிம்பு விதியைக் கொண்டுவருவார்கள். தொப்பி விளிம்பு உட்காரும் கோட்டுக்கு மேலே உள்ள தலைக்காயம் அடித்ததால் வந்திருக்க வாய்ப்பு அதிகம், விழுந்ததால் வந்தது பொதுவாக அந்தக் கோட்டை ஒட்டியிருக்கும் என்பது அந்த விதி. நம் வழக்கில் காயம் கோட்டுக்கு மேலே. அப்படியானால் அடிதானே? அவசரப்படக் கூடாது. அந்த விதி சமதரையில், நின்ற நிலையிலிருந்து விழுபவருக்கானது. படிக்கட்டும் சரிவும் வந்தால் அது நிற்காது. நம் லயங்களில் சமதரை எங்கே இருக்கிறது? வாசலிலிருந்து கானுக்கு, கானிலிருந்து ரோட்டுக்கு, எல்லாமே படியும் சரிவும்தான். விதியைச் சொல்லிவிட்டு இந்த வரம்பையும் சேர்த்துச் சொன்னால் வாய்மொழிப் பரீட்சையில் கேட்பவர் தலையை ஆட்டுவார்.

இனி அதே காயத்தில் முடிகள் அறுபட்டு, பாலங்கள் இல்லாமல், மண்டையோட்டின் வெளித்தட்டில் ஒரு நேரான வெட்டு இருந்தால் கதை வேறு. அப்போது வெட்டுக்காயத்துக்கும் கொத்துக்காயத்துக்கும் இடையிலான அடுத்த சோடித் தாளுக்குப் போக வேண்டும். பாரமான கூர் ஆயுதம் என்றால் விளிம்பில் ஓரளவு சிராய்ப்பும் கண்டலும் இருக்கலாம், எலும்பும் வெட்டுப்படலாம். எலும்பில் வெட்டு என்பது சின்ன விஷயமல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி அது கடுங்காயம். தோலோடு நின்ற அதே நீளக் காயம் அந்த வகைக்குள் வராமல் போகலாம்.

சோடி அட்டவணைக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. எந்த இரண்டும் குழம்பும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். பிழையான சோடியை எடுத்தால், கேள்விக்குச் சம்பந்தமில்லாத தாளை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். இந்த வேலைக்குப் பெரிய அட்டவணையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மெலிந்த வடிவில். ஆறு காயங்கள், இரண்டே நிரைகள்: தோல் பிளந்திருக்கிறதா, நீளம் அதிகமா ஆழம் அதிகமா. அதைப் பார்த்துவிட்டு உரிய சோடிக்குப் போகலாம். நான் வைத்துக்கொள்ளச் சொல்வது நான்கு சோடிகள்: கிழிகாயமும் வெட்டுக்காயமும், வெட்டுக்காயமும் கொத்துக்காயமும், வெட்டுக்காயமும் குத்துக்காயமும், சிராய்ப்பும் கண்டலும். மூன்றாவதில் எழுத அதிகமில்லை. நான்காவதில் இரண்டு விஷயம் போதும். சிராய்ப்பு அடிபட்ட இடத்திலேயே இருக்கும், கண்டல் இடம் மாறும். நெற்றியில் பட்ட அடி மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுத்துத் தெரியலாம். நிறத்தை வைத்துக் கண்டலின் வயதைச் சொல்லும் நீண்ட பட்டியலைவிட, மஞ்சள் தெரிந்தால் 18 மணி நேரத்துக்குக் குறையாது என்ற ஒரு வரி பாதுகாப்பானது.

இன்னும் ஒரு நிரல் சேர்க்கச் சொல்வேன். பாடப் புத்தகக் காயம் எப்போதும் திறந்தே இருக்கும். மலையகத்தில் நடைமுறை அப்படியல்ல. தோட்டத்திலிருந்து பிரதேச வைத்தியசாலைக்குப் போய், அங்கே முடி மழித்து, கழுவி, தையல் போட்டு, பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போது முடியும் போய்விட்டது, மணலும் போய்விட்டது, பாலங்கள் தையலுக்குள். முதலில் பார்த்தவர் கட்டில் அட்டையில் "வெட்டு" என்று மட்டும் எழுதியிருப்பார். அவசரத்தில் எல்லாப் பிளவும் வெட்டுதான். ஆகவே கிழிகாயம், வெட்டுக்காயம் சோடியில் மூன்றாவது நிரலாக "தையலுக்குப் பின்" என்று போட்டு, விளிம்புச் சிராய்ப்பு இன்னும் தெரியலாம், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவைப் பார்க்கலாம், முடிக்கும் பாலத்துக்கும் தையல் போட்டவரின் குறிப்பைத்தான் தேட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பும் இல்லையென்றால், அந்த இரண்டு கட்டங்களிலும் "சொல்ல முடியாது" என்று எழுதுவதே சரியான விடை.