ரௌட்டர் போய்விட்டது என்று சொல்லி புதிது விற்றார்கள். போனது ரௌட்டர் இல்லை

வீட்டு இணையம் அவ்வப்போது அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டுவிட்டு வருகிறதா? சேவை நிறுவனத்தின் ஆள் வந்து "ரௌட்டர் போச்சு சார், மாத்திடுங்க" என்கிறாரா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் எடுத்த பிறகுதான் யோசித்தேன்.

என் வீட்டில் பைபர் இணைப்பு. நிறுவனம் வைத்த பைபர் பெட்டி சுவரில் இருக்கிறது, அதிலிருந்து ஒரு கேபிள் என் சொந்த ரௌட்டருக்கு வருகிறது. மூன்று மாதமாக மாலையானால் இரண்டு மூன்று முறை இணைப்பு அறுந்துவிடும். போனில் புகார் சொல்லி முடிப்பதற்குள் தானாகவே திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு முறையும் எதிர்முனையில் ஒரே பதில்: "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." செய்வேன். "இப்ப வருதா?" வரும். புகார் முடிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடும்.

இந்த அணைத்துப் போடும் வைத்தியத்தில் உள்ள வில்லங்கம் அப்போது எனக்குத் தெரியாது. பெரும்பாலான வீட்டு ரௌட்டர்களில் நிகழ்வுப் பதிவு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் அதோடு போய்விடும். எந்த நேரத்தில் எது அறுந்தது என்ற தடயத்தை ஒவ்வொரு முறையும் நானே என் கையால் அழித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒருவர் நேரில் வந்தார். ரௌட்டரைத் தொட்டுப் பார்த்தார், "சூடா இருக்கு பாருங்க" என்றார். நிறுவனத்தின் புது ரௌட்டரை வைத்தார், வருகைக் கட்டணமும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். பைபர் பெட்டியை அவர் திறக்கக்கூட இல்லை. மறுநாள் மாலை அதே அறுப்பு.

சரி, இனி யாரையும் கேட்காமல் அளந்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கோளாறு என்று ஓரங்கட்டிய பழைய ரௌட்டரில், அதன் நிலையை வேறொரு கணினியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள உதவும் எஸ்என்எம்பி வசதி இருந்தது. தலையில் கட்டிய புதியதில் இல்லை. அதனால் குற்றம் சாட்டப்பட்டவரையே திரும்பக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் ஏற்றினேன்.

சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை ரௌட்டரோடு கேபிளில் இணைத்தேன். வைஃபையில் இணைத்துப் பார்க்காதீர்கள். முதல் நாள் நான் அப்படித்தான் செய்தேன். வைஃபை தடுமாறியதெல்லாம் இணைய அறுப்பாகப் பதிவாகி, அந்த நாள் பதிவு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதில் ஓடியது இந்தச் சின்ன நிரல்தான்:

```
#!/bin/sh
R=192.168.1.1
GW=10.20.0.1
while true; do
  l=$(date '+%F %T')
  for h in $R $GW 1.1.1.1; do
    ping -c1 -W2 $h >/dev/null 2>&1 && l="$l 1" || l="$l 0"
  done
  u=$(snmpget -v2c -c public -Oqvt $R 1.3.6.1.2.1.1.3.0)
  echo "$l $u" >> link.log
  sleep 10
done
```

`GW` என்பது ரௌட்டரைத் தாண்டியதும் வரும் நிறுவனத்தின் முதல் முனை. `traceroute 1.1.1.1` கொடுத்தால் 2 என்ற எண்ணோடு தொடங்கும் வரியில் வரும் முகவரியை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். `public` என்ற இடத்தில் உங்கள் ரௌட்டரில் வைத்த எஸ்என்எம்பி கடவுச்சொல். அதை மாற்றி வையுங்கள், வீட்டுப் பக்கத்திலிருந்து மட்டும் கேட்கும்படியும் பூட்டி வையுங்கள்.

ஏறக்குறைய பத்து வினாடிக்கு ஒரு வரி விழும். மூன்று இலக்கங்களும் வரிசையாக ரௌட்டர், நிறுவனத்தின் முனை, வெளி உலகம்; "இருக்கிறாயா" என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வந்தால் 1, வராவிட்டால் 0. கடைசி எண் ரௌட்டரின் அப்டைம், அதாவது அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும் நேரம், வினாடியில் நூறில் ஒரு பங்காக. அப்படிச் சிக்கியவற்றில் ஒன்று இது (தேதியை நீக்கியிருக்கிறேன்):

```
21:14:06 1 1 1 51840300
21:14:16 1 0 0 51841720
21:14:30 1 0 0 51843120
21:14:44 1 0 0 51844520
21:14:58 1 1 1 51845500
```

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ரௌட்டர் ஐந்து வரியிலும் பதில் சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் முனையும் வெளி உலகமும் ஒரே நேரத்தில் காணாமல் போய், ஒரே நேரத்தில் திரும்பியிருக்கின்றன. அதைவிட முக்கியம் கடைசி எண்: அறுப்பின் நடுவிலும் அது கூடிக்கொண்டே போகிறது. 51840300 என்றால் சரியாக ஆறு நாள். ஆறு நாளாக அந்த ரௌட்டர் கண் அசரவில்லை.

குற்றவாளி உண்மையிலேயே ரௌட்டராக இருந்திருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். மின் அடாப்டர் பழுதாகித் தானாக அணைந்து எழும் ரௌட்டர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இதே ஒரு நிமிட அறுப்புதான். ஆனால் அப்போது முதல் இலக்கமும் 0 ஆகும், திரும்பி வந்ததும் அப்டைம் சின்ன எண்ணிலிருந்து தொடங்கும். `1 1 0` என்று வந்தால் சிக்கல் நிறுவனத்தின் முதல் முனைக்கும் அப்பால். நடுவில் மட்டும் 0 வந்து கடைசியில் 1 இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த முனை வேலை மும்முரத்தில் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கும், அது கோளாறு ஆகாது.

அப்டைமை மட்டும் எடுத்து வரைந்தால் சாய்வான கோடு ஒன்று ஏறிக்கொண்டே போகும், ரௌட்டர் அணைந்தால் மட்டும் செங்குத்தாகக் கீழே விழும். ஒன்பது நாளில் என் கோடு மூன்று முறை விழுந்திருந்தது. மூன்றுமே அவர்கள் போனில் சொல்லி நான் அணைத்துப் போட்ட நேரங்கள்.

பக்கத்திலேயே எம்ஆர்டிஜியும் ஓடியது. 1994-ல் டோபி ஓட்டிக்கர் எழுதத் தொடங்கிய பழைய கருவி; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டரைக் கேட்டு, எவ்வளவு தரவு போய்வந்தது என்று கிராஃப் வரையும். அறுப்பு நேரத்தில் நானே இணைப்பை அடைத்துக்கொண்டிருந்தேனா என்று பார்க்க அது வேண்டியிருந்தது. மொத்தம் 31 அறுப்புகளில் நான்கின்போது பதிவேற்றக் கோடு உச்சத்தில் தட்டையாக நின்றது. வீட்டிலுள்ள போன்கள் புகைப்படங்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். லாகிலும் அங்கே தொடர்ச்சியான 0 இல்லை, 1-ம் 0-ம் மாறிமாறி வந்தன. நெரிசலில் பிங் இரண்டு வினாடிக்கு மேல் தாமதித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நான்கையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மீதி 27.

(எம்ஆர்டிஜி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 32 பிட் எண்ணி 100 மெகாபிட் வேகத்தில் 343 வினாடியில் நிரம்பித் திரும்பப் பூஜ்யத்திலிருந்து ஓடும். வேகம் ஏறக்குறைய 115 மெகாபிட்டைத் தாண்டினால் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே சுற்றிவிடும், கிராஃப் பொய் சொல்லும். `cfgmaker`-க்கு `--snmp-options=:::::2` கொடுத்தால் 64 பிட் எண்ணியை எடுத்துக்கொள்ளும்.)

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்தவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். "இது உங்க லைனோட ஒரு மாச கிராஃப். எங்கயாவது விழுந்திருக்கா, சொல்லுங்க?" உண்மையிலேயே எங்கும் விழவில்லை. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தத் திரையின் தோற்றம் பழக்கமானதாக இருந்ததால் தப்பித்தேன். எம்ஆர்டிஜி வகைக் கிராஃபுகளில் நாள் படத்தில் ஒரு புள்ளி ஐந்து நிமிடச் சராசரி. வாரப் படத்தில் முப்பது நிமிடம், மாதப் படத்தில் இரண்டு மணி நேரம். நாற்பது வினாடி அறுப்பு ஐந்து நிமிடச் சராசரியிலேயே ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். சாதாரண ஏற்ற இறக்கத்தில் அது தெரியாது. இரண்டு மணி நேரச் சராசரியில் அது 7200 வினாடியில் 40. மாதப் படத்தில் அதைத் தேடுவது வீட்டுக் குழாய் நின்றதைக் கண்டுபிடிக்க அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது போல. அவர் தெரிந்து காட்டினாரா, தெரியாமல் காட்டினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காட்டப்பட்டவர்களில் பாதிப்பேர் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள் என்று மட்டும் தோன்றுகிறது.

"பழைய ரௌட்டரை வெச்சு எடுத்த கணக்கை நாங்க ஏத்துக்க முடியாது" என்பது அடுத்த வாதம். நியாயம்தான். அவர்கள் விற்ற ரௌட்டரை மாட்டி நான்கு நாள் ஓட்டினேன். எஸ்என்எம்பி இல்லாததால் அப்டைமை மட்டும் அதன் நிலைப் பக்கத்தில் காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டேன். 13 அறுப்பு, அதே `1 0 0`, ஒருமுறைகூட ரௌட்டர் அணையவில்லை. இந்த முறை நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பைபர் பெட்டிக்கு வரும் ஒளியின் அளவை அளந்து எழுத்தில் கொடுங்கள்."

வந்தவர் வேறு ஆள். அளந்தார்: −27.8 டிபிஎம். பரவலாக உள்ள வகைப் பைபர் பெட்டிகளுக்கு −27 தான் கடைசி எல்லை. அதற்கும் கீழே, விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் இணைப்பான் முழுதாக உட்காரவில்லை, கேபிளும் ஒரு மூலையில் இறுக மடிந்திருந்தது. லேசாக அசைந்தால் ஒளி போய்விடும். ஒளி போவது ஒரு நொடியாக இருக்கலாம். ஆனால் பைபர் பெட்டி மறுபடி பதிவாகி, அதன்பின் ரௌட்டர் மறுபடி உள்நுழைய வேண்டும். அந்த நாற்பது, ஐம்பது வினாடி அங்கேதான் போயிருக்கிறது. துடைத்து, சரியாக மாட்டி, மடிப்பை எடுத்துவிட்ட பின் −20.4. ஐந்து மடங்குக்கு மேல் கூடுதல் ஒளி. வேலை இருபது நிமிடம்கூட இல்லை.

புது ரௌட்டரைத் திரும்பக் கொடுக்கப் போனால் "பிரிச்ச பெட்டியை எடுத்துக்க முடியாது சார்" என்றார்கள். வருகைக் கட்டணமும் வரவில்லை. எழுத்தில் கேட்டிருக்கிறேன், லாகையும் இணைத்திருக்கிறேன். புகார் எண் கொடுத்தார்கள், இரண்டாம் நாளே அதுவும் முடிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

பழைய ரௌட்டர்தான் இப்போது ஓடுகிறது. இன்று காலை அதன் அப்டைம் 38 நாள். தொட்டால் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.