ஒரே கருவி, இரண்டு அப்ஸ்ட்ராக்ட்: தானியங்கிச் செடித் தண்ணீர் ப்ராஜெக்டை எப்படி எழுதுவது?

இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையில் கடைசியாக எழுத வேண்டியது அப்ஸ்ட்ராக்ட். பலரும் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். கருவி ஓடுவதற்கு முன்பே எழுதினால் அதில் என்ன இருக்கும்? வாங்கிய சாமான்களின் பட்டியலும், ஆசைப்பட்ட பலன்களும்தான்.

ஒரு மாணவர் குழு செய்த செடித் தண்ணீர் கருவிக்கு இரண்டு அப்ஸ்ட்ராக்ட் எழுதினார்கள். முதலாவது செமஸ்டர் ஆரம்பத்தில் எழுதியது, இரண்டாவது சோதனை முடிந்த பிறகு எழுதியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

முதல் வடிவம்: "இன்றைய வேகமான வாழ்க்கையில் செடிகளுக்குத் தண்ணீர் விட யாருக்கும் நேரமில்லை. இத்திட்டத்தில் ஆர்டுயினோ போர்டு, மண் ஈரப்பத சென்சார், ரிலே, பம்ப், திரை ஆகியவை பயன்படுத்தப்பட்டுள்ளன. மண் காய்ந்தால் பம்ப் தானாக ஓடும், ஈரமானால் நின்றுவிடும். இதனால் 40 சதவீதம் தண்ணீர் மிச்சமாகும். குறைந்த செலவில், மனிதர் தலையீடே இல்லாமல் முழுத் தானியங்கியாக இக்கருவி செயல்படும்."

இரண்டாம் வடிவம்: "நாளுக்கு ஒரே அளவு தண்ணீர் விடும் டைமர், மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தாலும் விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணின் ஈரத்தை அளந்து தண்ணீர் விடும் கருவி ஒன்றை ஆர்டுயினோ போர்டு, மின்தேக்கு வகை சென்சார், சிறு பம்ப் ஆகியவற்றால் உருவாக்கினோம். மண் காய்ந்து சென்சார் எண் 470-ஐத் தாண்டினால் பம்ப் 4 விநாடி ஓடும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்கும். எண் 400-க்குக் கீழே வரும்வரை இப்படியே தொடரும். ஒரே மண், ஒரே வகைச் செடி கொண்ட இரண்டு தொட்டிகளில் 14 நாள் சோதித்தோம். செடி வாடாத குறைந்த அளவாகிய நாளுக்கு 150 மி.லி. வைத்த டைமர் 2,100 மி.லி. செலவழித்தது. எங்கள் கருவி 1,840 மி.லி. செலவழித்தது. மிச்சம் 12 சதவீதம். மூன்று முறை விட்டும் எண் மாறாவிட்டால் பம்ப் நின்று எச்சரிக்கை விளக்கு எரியும். மண் மாறினால் 470, 400 என்ற எல்லைகளைப் புதிதாக அளந்து வைக்க வேண்டும்."

முதல் வரியில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். "வேகமான வாழ்க்கை" என்ற தொடக்கம் எந்த ப்ராஜெக்டுக்கும் ஒட்டும். இரண்டாவதில் முதல் வாக்கியமே எந்தக் கருவியோடு போட்டி என்று சொல்லிவிடுகிறது. போட்டியாளர் டைமர். இது தெரிந்தால்தான் பின்னால் வரும் 12 சதவீதத்துக்குப் பொருள் உண்டு.

சரி, சென்சாருக்கு வருவோம். முதல் வடிவத்தில் "மண் ஈரப்பத சென்சார்" என்று மட்டும் இருக்கிறது. ஆனால் இந்த ப்ராஜெக்டின் தலையெழுத்தே எந்த வகை சென்சார் என்பதில்தான் இருக்கிறது. கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று இரண்டு கால் கொண்ட மின்தடை வகை. இரண்டு கால்களுக்கும் நடுவே மண் வழியாக மின்னோட்டம் செல்லும். ஈரம் கூடினால் தடை குறையும். இன்னொன்று பட்டையாக ஒரே தகடு போல இருக்கும் மின்தேக்கு வகை. இதில் உலோகம் மண்ணைத் தொடாது. தண்ணீரின் மின்கடவா மாறிலி சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு அது ஒற்றை இலக்கம்தான். அந்தப் பெரிய வித்தியாசத்தை வைத்து இது ஈரத்தைக் கணிக்கிறது.

மின்தடை வகைதான் மலிவு. குழுவும் முதலில் அதைத்தான் வாங்கியது. ஈரமண்ணில் நாள் முழுக்க ஒரே திசையில் மின்னோட்டம் போனால் மின்னாற்பகுப்பு நடக்கும். நேர்முனைக் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கால் கரையக் கரைய அளக்கும் தடை ஏறும், கருவியோ மண் காய்ந்துவிட்டது என்று நினைக்கும். அதாவது இந்த சென்சார் கெட்டால் செடி வாடாது, மூழ்கும். போதாததற்கு, உரம் போட்டால் மண்ணில் உப்பு கூடி மின்கடத்தல் கூடும். அப்போது அதே சென்சார் நேர்மாறாக, இல்லாத ஈரத்தை இருப்பதாகக் காட்டும்.

மின்தேக்கு வகை குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். அதன் தகட்டின் வெட்டுவிளிம்பில் பூச்சு இருக்காது. அந்த விளிம்பு வழியாக ஈரம் உள்ளே ஏறினால் மண் காய்ந்த பிறகும் ஈரம் என்றே காட்டும். இது கெட்டால் செடி வாடும். விளிம்பில் நகப்பூச்சோ வார்னிஷோ இரண்டு பூச்சு பூசினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இன்னொரு தொல்லை, தளர்வாகக் குத்தினால் தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் காற்று புகுந்து காய்ந்தது போலக் காட்டும்.

ஆக, கெட்டுப்போனால் இரண்டும் தப்பு செய்யும், ஆனால் எதிரெதிர்த் திசையில். சென்சாரின் வகையை அப்ஸ்ட்ராக்டில் இரண்டு சொல்லில் எழுதினாலே, கருவி எந்தப் பக்கம் சறுக்கும் என்பது விஷயம் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும்.

சென்சார் காட்டும் அளவு பிசகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சமையலறைத் தராசு போதும். தொட்டியின் எடை கூடுவதும் குறைவதும் அநேகமாகத் தண்ணீரால்தான். முதல் நாள் தொட்டி 2,400 கிராம் இருக்கும்போது மின்தடை சென்சார் 520 காட்டியது. பத்தாம் நாள் அதே 2,400 கிராமில் 610 காட்டியது. இந்தச் சென்சாரில் எண் ஏறினால் மண் காய்கிறது என்று பொருள். மண்ணில் அதே தண்ணீர் இருக்க எண் மட்டும் ஏறியதால் மாறியது சென்சார்தான் என்று உறுதியானது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு காலில் பூச்சு போய்ப் பச்சை படிந்திருந்தது. அன்றைக்குத்தான் வகையை மாற்றினார்கள்.

மின்தடை வகையைத்தான் வைத்துக்கொள்வோம் என்றால் ஒரு வழி உண்டு. சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் கொடுக்காமல், அளக்கும் கணத்தில் மட்டும் கொடுக்கலாம்:

```
digitalWrite(PWR, HIGH);
delay(100);
int v = analogRead(A0);
digitalWrite(PWR, LOW);
```

15 நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி அளந்தால் மின்னோட்டம் போகும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரிப்பு நிற்காது, ஆனால் மிகவும் மெதுவாகும். உப்புத் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

அடுத்து, பம்ப் எப்போது நிற்கும் என்பது. "ஈரமானால் நின்றுவிடும்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மேலே ஊற்றிய தண்ணீர் சென்சார் இருக்கும் ஆழத்துக்கு இறங்கிப் பரவச் சில நிமிடம் பிடிக்கும். அதுவரை சென்சார் மண் காய்ந்ததாகத்தான் காட்டும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். சென்சாருக்கு ஈரம் தெரியும்போது தொட்டியின் அடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அதனால்தான் இரண்டாம் வடிவத்தில் 4 விநாடி ஓட்டம், 15 நிமிடக் காத்திருப்பு. எல்லை எண்ணும் ஒன்றல்ல, இரண்டு. 470 என்று ஒரே எண் வைத்திருந்தால் 469-க்கும் 471-க்கும் நடுவே ரிலே டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, பம்பும் போர்டும் ஒரே மின்வழியில் இருந்தால் பம்ப் ஓடும்போது மின்னழுத்தம் சற்று இறங்கி அளவும் ஆடும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு அளந்தால் அந்த வம்பும் இல்லை.

இப்போது 40 சதவீதத்துக்கு வருவோம். இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "பழைய ரிப்போர்ட்டில் இருந்தது சார்" என்றான் ஒருவன். நேர்மையான பையன்.

பிறகு அளந்து பார்த்தார்கள். முதல் சுற்றில் டைமரை நாளுக்கு 200 மி.லி. என வைத்தார்கள். 14 நாளில் 2,800 மி.லி. ஆனது. கருவி செலவழித்தது 1,860 மி.லி. மிச்சம் 34 சதவீதம் வந்தது. குழுவுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் டைமர் தொட்டியின் கீழ்த்தட்டில் தினமும் தண்ணீர் தேங்கி நின்றதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. டைமருக்கு 200 என்று வைத்தது அவர்களேதான். 400 என்று வைத்திருந்தால் மிச்சம் 67 சதவீதம் வந்திருக்கும். எதிராளியை எவ்வளவு ஊதாரி ஆக்குகிறோமோ அவ்வளவுக்கு நாம் சிக்கனமாகத் தெரிவோம்.

அதனால் இரண்டாம் சுற்றுக்கு முன் டைமரின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். செடி வாடாமல் தாங்கிய குறைந்த அளவு 150 மி.லி. அதை வைத்து மறுபடி 14 நாள் ஓட்டியதில் 2,100-க்கு எதிராக 1,840 வந்தது. வித்தியாசம் 260, அதாவது 12 சதவீதம். எண் சின்னதாகிவிட்டதே என்று முகம் வாடினார்கள். ஆனால் 34-ஐ ஒரே கேள்வியில் சாய்த்துவிடலாம், 12 அப்படிச் சாயாது. "150 மி.லி. வைத்த டைமர்" என்ற சொற்களை அப்ஸ்ட்ராக்டிலிருந்து நீக்கினால் 12-ம் வெறும் எண்தான்.

1,840 என்பதை எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். பம்ப் 24 முறை ஓடியது, ஒவ்வொரு முறையும் 80 மி.லி. என்று பெருக்கினால் 1,920 வரும். ஆனால் தண்ணீர் வாளியின் எடை குறைந்தது 1,840 கிராம்தான். வாளியில் மட்டம் இறங்க இறங்க பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம் கூடும், ஓட்டம் குறையும். அதனால் பெருக்கியதை விட்டுவிட்டு எடையை எடுத்துக்கொண்டார்கள். வாளிக்கு மூடி போட்டிருந்ததால் ஆவியாகிப் போனது சொற்பம்.

"குறைந்த செலவு" என்ற சொல்லை இரண்டாம் வடிவத்தில் காணோம் என்று கவனித்திருப்பீர்கள். குழுவின் ப்ராஜெக்ட் தலைப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. அப்ஸ்ட்ராக்டிலும் வேண்டுமென்றால், எதை விடக் குறைவு என்று சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதும்போது, அடிக்கடி மாற்ற வேண்டிய மலிவு சென்சாரின் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, "மனிதர் தலையீடே இல்லாமல்" என்ற வரி. வாளியில் தண்ணீர் தீர்ந்தால் யார் ஊற்றுவது? நீரில் மூழ்கி ஓட வேண்டிய பம்ப் வெறுமனே ஓடினால் சூடாகிக் கெடும். குழாய் கழன்றாலும், சென்சார் மண்ணிலிருந்து வெளியே வந்துவிட்டாலும் கருவிக்குத் தெரிவது ஒன்றுதான்: தண்ணீர் விடுகிறேன், எண் இறங்கவில்லை. மூன்று முறைக்குப் பிறகு நிறுத்தும் விதி இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான். நிரலில் அது நான்கைந்து வரிதான், அப்ஸ்ட்ராக்டில் ஒரே வாக்கியம்.

வைவாவில் தேர்வாளர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் சென்சாரை மண்ணிலிருந்து உருவி மேசையில் வைத்தார். காத்திருப்பு நேரத்தைச் செய்முறைக்காக 10 விநாடியாகக் குறைத்து வைத்திருந்தார்கள். பம்ப் ஒரு முறை ஓடியது, இரண்டாவது முறை ஓடியது, மூன்றாவது முறையும் ஓடியது. அப்புறம் சிவப்பு விளக்கு எரிந்தது.