போனை டிவியில் மாட்டி எட்டு மாதம்: தாமதம் கேபிளில் இல்லை

அலுவலக நண்பர் நேற்று கேட்டார்: "வைஃபையிலேயே காஸ்ட் பண்ணி ஆடலாமே, கேபிளுக்கு எதுக்குப்பா காசு?" படம் பார்க்க காஸ்ட் போதும். கேம் ஆட ஆகாது என்றேன். ஏன் என்று விளக்கப் போய் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய சாம்சங் எஸ்22, டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் ஒரு ஹப், 43 அங்குல டிவி, ஒரு ப்ளூடூத் கன்ட்ரோலர். இதற்கு முன் வைத்திருந்த போனிலும் டைப்-சிதான். ஆனால் அதே ஹப்பை மாட்டினால் டிவியில் ஒன்றுமே வராது. துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், அதன் வழியே படம் வெளியே வர 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி போனில் இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. இதுபோன்ற ஹப் எதை வாங்கினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எஸ்22-இல் மாட்டியவுடன் படம் வந்தது. கார் பந்தயம் ஆடினேன். அவ்வளவு பெரிய திரையில் சாலை விரிந்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது. படுக்கவைத்த போன் திரை டிவியைவிட நீண்டு ஒடுங்கியது என்பதால் மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும். அது இரண்டு நாளில் பழகிவிட்டது. பழகாதது வேறு. ஒவ்வொரு வளைவிலும் கார் நான் திருப்பியதற்குப் பிறகுதான் திரும்பியது. கன்ட்ரோலர், கேபிள், ஹப் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் தம்பியின் போனை வாங்கி, என் போனும் டிவியும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வைத்து, வினாடிக்கு 240 பிரேம் ஸ்லோ மோஷனில் பிடித்தேன். போனில் ஒரு மெனுவைத் தட்டினால் முதலில் போன் திரை மாறும், பிறகு டிவி மாறும். இடையில் எத்தனை பிரேம் என்று எண்ணினால் போதும். ஒரு பிரேம் என்பது நான்கு மில்லி வினாடிக்குச் சற்று மேல். கேபிளில் 26 பிரேம் வந்தது, அதாவது சுமார் 108 மில்லி வினாடி. மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் ஆறு மீட்டர் ஓடிவிடும். வளைவு தவறாமல் என்ன செய்யும்?

அப்புறம் டிவியின் பட அமைப்பில் கேம் மோடைப் போட்டு மறுபடி எண்ணினேன். ஐந்தே பிரேம், சுமார் 21 மில்லி வினாடி. கேபிளில் குற்றமே இல்லை. அசைவை வழவழப்பாக்க டிவி சில பிரேம்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, இடையில் புதிய பிரேம்களைச் செய்து செருகுகிறது. கேம் மோட் அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. காஸ்ட் செய்தும் பார்த்தேன். அதில் 50 பிரேமைத் தாண்டியது. போன் படத்தைச் சுருக்கி வைஃபையில் அனுப்ப, டிவி அதை விரித்துக் கொஞ்சம் சேமித்து வைத்துத்தான் காட்டும். அதைக் குறைக்க எனக்கு எந்த அமைப்பும் கிடைக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் எரிச்சல் தீரவில்லை. டிவியில் இருப்பதே இரண்டு எச்டிஎம்ஐ. ஒன்றில் சவுண்ட்பார், மற்றொன்றில் செட்டாப் பாக்ஸ். நான் ஆட வேண்டுமானால் பாக்ஸைக் கழற்ற வேண்டும். கேம் மோடை டிவி அந்தத் துளைக்கென்று நினைவில் வைக்கிறது. மறுநாள் அம்மாவுக்கு சீரியல் மங்கலாகத் தெரிய, பழைய நிறத்துக்கு மாற்றிவிடுவார். அவர்மேல் தவறில்லை. இரவு நான் மறந்துபோய் ஆடுவேன், முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். கன்சோல் மாட்டினால் தானாகக் கேம் மோடுக்குப் போகும் இந்த டிவி, போனுக்கு மட்டும் போவதில்லை. எட்டு மாதமாக நான்கு மெனுவுக்குள் தினமும் நுழைகிறேன்.

இன்னொன்று. தொடுதிரையில் மட்டும் ஆடும் கேம்களுக்கு இது வேண்டாம். டிவியைப் பார்த்தால் கட்டைவிரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று தெரியாது, போனைப் பார்த்தால் டிவி எதற்கு? கன்ட்ரோலரை ஏற்கும் கேம்தானா என்று முதலில் பாருங்கள். ஹப்பில் சார்ஜர் துளையும் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு மணி நேர ஆட்டத்தில் பேட்டரி படுத்துவிடும்.

படம் அருமை, ஹப்பும் இன்றுவரை ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. ஆனாலும் நண்பரிடம் டிவிக்காக ஹப் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அதற்கு முந்தைய இரவும் கேம் மோட் போடாமல் ஆடி மூன்று பந்தயம் தோற்றிருந்தேன். போன வாரம் தம்பியின் 24 அங்குல மானிட்டரில் அதே ஹப்பை மாட்டினேன். எதையும் மாற்றாமலேயே நான்கு பிரேம். அடுத்த மாதம் எனக்கென்று ஒரு மானிட்டர் வாங்குகிறேன்.