நான்கு யூனிட்டும் ஒரு செவ்விளநீரும்

கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் வீதியோரத்தில் செவ்விளநீர் குலை குலையாகக் கிடக்கும். ரொறன்ரோவில் விமானம் ஏறும்போதே அதை நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். வெட்டித் தந்தார்கள். ஸ்ட்ரோவை வாயில் வைத்து உறிஞ்சினேன், ஒன்றும் வரவில்லை. உதட்டைக் கூட்டிப் பிடித்து மறுபடியும் உறிஞ்சினேன். மேலுதட்டுக்கும் ஸ்ட்ரோவுக்கும் நடுவே காற்றுத்தான் சீறிக்கொண்டு போனது. வாய்க்குள் வந்த கொஞ்சநஞ்சமும் நாடி வழியே இறங்கிச் சட்டையை நனைத்தது.

இளநீர்க்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பல் பிடுங்கிவிட்டு வருகிறீர்களா, தங்கச்சி?"

ஆம் என்றேன். வேறு என்ன சொல்வது? மேலுதட்டை வெளியே திருப்ப ஊசி போட்டிருக்கிறேன், இன்றைக்கு ஐந்தாம் நாள் என்று வெயிலில் நின்று விளக்கவா முடியும்? அவர் ஸ்ட்ரோவை எடுத்து வீசிவிட்டு, "அப்படியென்றால் அண்ணாந்து ஊற்றுங்கள்" என்றார். ஊற்றினேன். தொண்டைக்குள் நேரே போனது. உதட்டுக்கு அதில் வேலையே இல்லை.

விஷயம் இதுதான். எனக்கு மேலுதடு மெலிது. சும்மா இருக்கும்போது ஏதோ ஒரு கோடாவது தெரியும். சிரித்தால் அதுவும் உள்ளே சுருண்டு மறைந்துவிடும். அக்காவின் மகளுக்குக் கல்யாணம். முன்னைய கல்யாண அல்பங்களில் எல்லாம் நான் பல்லும் மூக்குமாகத்தான் இருக்கிறேன். ரொறன்ரோவில் விசாரித்தேன், விலை கேட்டு வாயை மூடிக்கொண்டேன். மட்டக்களப்பிலேயே சனிக்கிழமைகளில் கண்டியில் இருந்து ஒரு தோல் டொக்டர் வருகிறார் என்று மச்சாள் சொன்னாள். விலையும் பாதிக்குக் குறைவு.

மற்றபடி பயணம் நன்றாகவே நடந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நம்பர் எடுத்த கதையைச் சொல்கிறேன். போன் எடுத்தால் மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால், "மிஸ்ஸி வந்த பிறகு எடுங்கள்". மிஸ்ஸி வந்தார். "இந்தச் சனி டொக்டர் வருவார், ஆனால் உங்களுக்கு ஊசி இல்லை. ஆள் சேரவில்லை, அடுத்த சனி பார்ப்போம்." ஆள் சேரவேண்டுமாம்! நான் என்ன வான் பிடித்துக் கதிர்காமத்துக்கா போகிறேன்? ரொறன்ரோவில் கைப்பேசியில் நாளைக் குறித்து, நேரத்தைக் குறித்து, அந்த நிமிடத்துக்குப் போய் உட்காருகிறவள் நான். விடுமுறையில் ஒரு கிழமையை இப்படித் தின்றுவிட்டார்களே என்று வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த சனி 37ஆம் நம்பர். நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள், எட்டரைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த ஆள் சேரும் கதையைத்தான் கேட்டேன். டொக்டர் கோபிக்கவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து விரலளவு குப்பி ஒன்றைக் காட்டினார். உள்ளே 100 யூனிட் போட்டுலினம் நச்சு, எல்லோரும் போட்டொக்ஸ் என்று சொல்கிற மருந்து. அதைத் தூளாகத்தான் கொண்டுவருவார்கள், உப்புநீர் விட்டுக் கலக்கிய பிறகு 2 முதல் 8 பாகை குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். புருவங்களுக்கு நடுவே உள்ள கோட்டுக்கு 20 யூனிட் போகும். என் உதட்டுக்குத் தேவை நான்கு. "உங்கள் ஒருவருக்காக உடைத்தால் 96ஐ வாவியில்தான் ஊற்றவேண்டும். ஊற்றாமல் அடுத்த சனிவரை வைத்திருக்கிற இடங்களும் உண்டு. அங்கே உடனே நம்பர் கிடைக்கும்" என்றார்.

எனக்குச் சத்தம் போட ஆசைதான், ஆனால் பதில் இல்லை. குப்பி ஒரு ஆளுக்கு மட்டும் என்றுதான் அதன் உறையில் அச்சடித்திருக்கிறது; பகிர்ந்து போடுவது உலகம் முழுக்க நடக்கிறது. அதனால் ஒவ்வொருவருக்கும் புது சிரிஞ்ச், புது ஊசியால் எடுக்கிறார்களா என்று மட்டும் கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தார்கள்.

உதட்டுக்கு ஊசி என்று நம்பர் எடுத்தாலும், என் மனதில் இருந்தது உண்மையில் ஃபில்லர். உதடு மெலிது என்றால் நிரப்பவேண்டும், அவ்வளவுதானே என்பது என் கணக்கு. டொக்டர் கையில் கண்ணாடியைத் தந்தார். "சும்மா இருங்கள். இப்போது நன்றாகச் சிரியுங்கள்." சும்மா இருக்கும்போது தெரிந்த சிவப்பில் பாதிக்கு மேல் சிரிப்பில் காணாமல் போனது. வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தசை ஓடுகிறது. சுருக்குப் பையின் நாடா மாதிரி. என் மேலுதட்டில் அது இறுகும்போது உதட்டின் விளிம்பை உள்ளே இழுத்துச் சுருட்டுகிறது. போட்டுலினம் நச்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது; நாடா தளர்கிறது; உள்ளே மடிந்திருந்த சிவப்பு கொஞ்சம் வெளியே திரும்புகிறது. இருப்பதைத் திருப்பிக் காட்டும், அவ்வளவுதான். இல்லாததை உண்டாக்காது. சிரிக்காத முகத்திலும் தடிப்பு வேண்டும், பக்கவாட்டில் பார்க்கும்போது உதடு முன்னே வரவேண்டும் என்றால் அதற்கு ஃபில்லர்தான். ஹையலூரோனிக் அமிலக் களி. அரை மில்லியில் இருந்து ஒரு மில்லி வரை.

"அப்படியென்றால் இரண்டையும் போடுங்கள்" என்றேன்.

"ஃபில்லரை இந்த அறையில் போடமாட்டேன்" என்றார். இந்த இடத்தில்தான் எனக்கு மனம் மாறியது. ரொறன்ரோவில் கேட்டிருந்தால் அட்டையைத் தேய்த்துவிட்டு அன்றைக்கே போட்டிருப்பார்கள். இவர் மறுத்ததற்குக் காரணம் இரண்டு. கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள். ஃபில்லர் உதடு முதல் இரண்டு மூன்று நாள் குளவி கொட்டியதுபோல் வீங்கும், கன்றிப்போனால் நீலம் மாற ஒன்றிரண்டு கிழமை ஆகும். இரண்டாவது காரணம் பெரியது. மேலுதட்டுக்குள் ஒரு இரத்தக்குழாய் ஓடுகிறது. களி அதற்குள் போய்விட்டால், அல்லது வெளியே நின்று நெரித்துவிட்டால், அந்தப் பகுதிக்கு இரத்தம் நின்றுவிடும். ஊசி போட்ட உடனே தோல் வெளுத்துப்போவது, சற்று நேரத்தில் வலைபோல் ஊதா நிறம் படர்வது, விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு திரும்ப நேரமெடுப்பது, வீக்கத்துக்குப் பொருந்தாத வலி இவையெல்லாம் அடையாளம். அப்போது களியைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். நாளைக்கு எடுத்துப் போடலாம் என்றால் தோல் அழுகிப்போகலாம். "அந்த மருந்து இங்கே என்னிடம் இல்லை. நான் இன்றிரவே கண்டிக்குத் திரும்புகிறேன். நீங்கள் யாரிடம் போவீர்கள்?"

மச்சாள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். லண்டனில் ஒரே வருடத்தில் மூன்று தடவை ஃபில்லர் போட்டவள் அவள். உதட்டில் இடம் போதாமல் களி விளிம்பைத் தாண்டி மேலே ஏறி, மீசை முளைக்கும் இடத்தில் ஒரு திண்ணை கட்டிக்கொண்டது. பிறகு காசு கொடுத்துக் கரைத்தாள். கரைக்க முடிந்தது என்பது ஃபில்லருக்கு உள்ள ஒரு நல்ல குணம். நச்சுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. கோணினாலும் தானாகத் தெளியும்வரை காத்திருக்கவேண்டும். அதனால்தான் யூனிட்டைக் கஞ்சத்தனமாகப் போடுகிறார்கள்.

மரக்கச் செய்யும் களிம்பு இருபது நிமிடம். பிறகு நான்கு குத்து: உதட்டின் வில் வளைவில் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, அவற்றுக்கு அப்பால் இரு பக்கமும் ஒவ்வொன்று, குத்துக்கு ஒரு யூனிட். வாயின் மூலைக்குக் கிட்டப் போகவில்லை, போனால் சிரிப்பே கோணிவிடுமாம். வலி பெரிதில்லை, ஆனால் மூக்கின் கீழ் என்பதால் கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. முழுதாகத் தெரிய இரண்டு கிழமை ஆகும் என்றார். போன சனி போட்டிருந்தால் கல்யாணத்துக்குள் எல்லாம் படிந்திருக்குமே என்று இங்கே மறுபடியும் எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை.

மூன்றாம் நாள்வரை ஒன்றுமில்லை. நான்காம் நாள் லிப்ஸ்டிக் பூசும்போது விளிம்பு வழுக்கியது. ஐந்தாம் நாள் இளநீர். ஏழாம் நாள் 'ப', 'ம' இரண்டும் தளர்ந்தன. தமிழில் உதடு ஒட்டாமல் சொல்ல முடியாத எழுத்துக்கள் அவைதான். நானோ நாள் முழுக்க "அம்மா", "பெரியம்மா", "மாப்பிள்ளை" என்று கூப்பிடவேண்டிய கல்யாண வீட்டில் இருக்கிறேன். வார்த்தை புரிந்தது, ஆனால் "ப"வின் ஓரத்தில் ஒரு காற்று கசிந்தது. விசில் அடிக்க முடியவில்லை. சோடாவைப் போத்தலோடு குடித்தால் சிந்தியது. நாதஸ்வரக்காரர் ஒருவர் இந்த ஊசி கேட்டு வந்தால் போடவே மாட்டேன் என்று டொக்டர் சொன்னது அப்போதுதான் விளங்கியது. தாலி கட்டும் நேரத்தில் பெரியம்மாமார் குரவையிட்டபோது பயந்துகொண்டே நானும் சேர்ந்தேன், வந்தது. குரவைக்கு நாக்குத்தான் வேலை, நாக்கை யாரும் தொடவில்லை.

அல்பம் வந்தது. சிரிக்கிற படங்களில் எனக்கு மேலுதடு இருக்கிறது. பெரிதாக இல்லை, இரண்டு மில்லிமீற்றர்கூட இருக்காது, ஆனால் முதல் தடவையாகப் பல்லுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு. குடும்பத்தோடு விறைத்து நின்று எடுத்த படத்தில், ஒருவரும் சிரிக்காத அந்தப் படத்தில், அதே பழைய உதடுதான். பக்கவாட்டுப் படத்திலும் அப்படியே. அம்மாவிடம் காட்டினேன். "என்ன வித்தியாசம்? இந்தச் சேலை உனக்கு எடுபடவில்லை" என்றார்.

ரொறன்ரோ திரும்பி, ஊசி போட்ட ஒன்பதாவது கிழமை, ஐஸ் கோப்பியை ஸ்ட்ரோவால் உறிஞ்சினேன். ஒழுகவில்லை. கழிவறைக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு உள்ளே போய்விட்டது.

வருகிற தைப்பொங்கலுக்கு ஊர் போகிற சிநேகிதி அந்த டொக்டரின் நம்பர் கேட்டாள். கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளாக மணி அடிக்கிறதாம், யாரும் எடுக்கவில்லையாம்.