ஊட்டிச் சுற்றா, கும்பகோணத்தில் தங்கலா: பழைய பயணங்களை வைத்து ஓர் அலசல்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு எடுத்தவுடன் வீட்டில் எல்லோரும் ஊர்ப் பெயர்களையே அடுக்குகிறோம். பழைய பயணங்களைக் கேட்டாலும் "ஊட்டி நன்றாக இருந்தது, கும்பகோணம் பரவாயில்லை" என்றுதான் பதில் வருகிறது. முடிவெடுக்க இது உதவாது. ஒரே பயணத்துக்குள் மனம் நிறைந்த நேரமும் எப்போது அறைக்குத் திரும்புவோம் என்றிருந்த நேரமும் கலந்தே கிடக்கின்றன. எனவே பயணத்துக்கு மதிப்பெண் போடாமல், அதில் மிகவும் பிடித்த ஒரு பொழுதை மட்டும் தனியே எடுத்து, அப்போது மணி என்ன, உடன் யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தோம், அடுத்து எங்காவது போக வேண்டியிருந்ததா என்ற நான்கையும் எழுதிப் பார்க்கலாம். கைபேசியில் உள்ள படங்களைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. படம் எடுத்த இடங்கள்தான் பிடித்த இடங்கள் என்று மனம் எளிதில் நம்பிவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஊட்டிக்கு நாங்கள் போனது தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, குன்னூர் என்று வரிசையாகக் காட்டும் வேன் சுற்றுலாவில். ஆனால் நானும் என் மனைவியும் தனித்தனியே எழுதியதில் இந்த இடங்களில் ஒன்றுகூட வரவில்லை. இருவரும் எழுதியது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய மலை ரயிலைத்தான். 46 கிலோமீட்டர் தூரத்தை அது ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடக்கிறது. கல்லாறுக்கு மேல் பற்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பகுதியில் இன்னும் மெதுவாகிவிடும். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி ஹில்குரோவில் நின்றபோது கையில் தேநீரோடு நடைமேடையில் நின்றோம். குரங்குகள் எங்கள் பிஸ்கட் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. இறங்கிப் பார்க்க வேண்டிய இடமென்று எதுவும் இல்லை, வண்டி கிளம்பும் வரை செய்வதற்கும் ஒன்றுமில்லை.

கும்பகோணத்துக்குப் போனது நவக்கிரகக் கோயில்களுக்காக. ஒன்பதையும் தரிசிப்பதுதான் திட்டம். அந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும் என்பதால், விரட்டிக்கொண்டு வந்த ஓட்டுநரும் மதியத்தில் ஓய்ந்துதான் ஆக வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் தாராசுரம் போனோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், குதிரைகள் தேராக இழுக்கும் மண்டபத்தின் நிழலில் அமர்ந்து, உள்ளங்கை அளவேயான சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருவர் தாளிலும் இருந்தது அந்த மதியம். தரிசனத்துக்காகப் போன இடத்தில் தரிசனம் பட்டியலில் வரவில்லையே என்று மனைவிக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

ஊர்களை ஒப்பிட்டிருந்தால் மலை, சமவெளி என்று எதிரெதிராக நிற்கும் இரண்டும், பொழுதுகளை ஒப்பிட்டால் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுமே பகல் வேளை, இருவர் மட்டுமே, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை, கண்ணுக்கு வேலை இருந்தது, காலுக்கு இல்லை.

இங்கே நினைவின் பழக்கம் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஆளானவர்களை வைத்து ரெடல்மையரும் கானமனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட அதன் உச்சமும் கடைசி நிமிடங்களுமே நினைவில் முடிவைத் தீர்மானிப்பதாகத் தெரிந்தது. பயணத்திலும் இதேதான் நடக்கிறது. ஊட்டியிலிருந்து இறங்கும்போது மலைப்பாதை நெரிசலில் சிக்கியதால், அந்தப் பயணம் முழுவதையுமே நாங்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தோம். எனவே ஒரு பொழுதைத் தேர்ந்த பிறகு, அது எவ்வளவு நேரம் நீடித்தது, அதைப் பெற எவ்வளவு நேரம் அலைந்தோம் என்றும் கேட்க வேண்டும். வேன் சுற்றுலாவில் ஐந்து மணி நேர ரயிலுக்காக மீதி நாட்களை வேனில் கழித்தோம். கும்பகோணத்தில் அந்த மதியம் தினமும் தானாகவே கிடைக்கக்கூடியது.

அதனால் எங்களைப் பொறுத்தவரை கும்பகோணம்தான் முந்துகிறது, ஆனால் நவக்கிரகச் சுற்றாக அல்ல. ஒரே விடுதியில் தங்கி, காலையில் ஒரு கோயில், மதியம் தாராசுரம் போல ஓரிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். கோயிலை முன்னிட்டே பயணம் போகிறவர்களுக்கும், சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. அவர்கள் தாளில் எழுதப்படும் பொழுதுகள் வேறாக இருக்கும். ஊட்டியை நாங்கள் விட்டுவிடவும் இல்லை. அடுத்த முறை வேன் வேண்டாம். ரயிலில் ஏறிக் குன்னூரில் இறங்கி அங்கேயே தங்குவதாக இருக்கிறோம். அந்த ரயிலில் இடம் கிடைப்பது அரிது என்பதால் முன்பதிவை முடித்த பிறகே விடுதியைத் தேட வேண்டும்.