குக்ரி: நன்றாக வெட்டும் கத்தி ஏன் நன்றாக அரிவதில்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தின் கிளைகளைக் கழிக்கவும், இளநீர் சீவவும், விறகு பிளக்கவும் அலகு முன்னோக்கிக் கீழே வளைந்த நேபாளத்துக் கத்தியான குக்ரி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பத்து அங்குல அலகும், பிடியருகே ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தடித்த முதுகும், சுமார் 600 கிராம் எடையும் கொண்ட கத்தி இது.

விரல் மேல் கிடத்திப் பார்த்தால், இதன் எடை பிடியில் அல்லாமல் அலகின் பக்கம் சமநிலைக்கு வருகிறது. அலகு மிக அகன்றிருக்கும் வயிற்றுப் பகுதி கையிலிருந்து தொலைவில் இருப்பதால், வீசும்போது பிடிப்பக்கத்தைவிட அதிக வேகத்தில் செல்கிறது; அதிக எடையுள்ளதும் அந்தப் பகுதியே. ஓங்கிய அடியின் விசை அங்கேயே இறங்குகிறது. கிளையும் அங்கே பட்டால் கைக்கு அதிர்வு குறைவாகவே வருகிறது. நுனியில் பட்டால் உள்ளங்கை எரிவதைக் கொண்டே அடி இடம் மாறியதை உணரலாம்.

முன்வளைவின் பயன் இன்னொன்றும் உண்டு. கையை நீட்டி வெட்டும்போது நேரான அலகின் வாய் கிளையைச் சாய்வாகத் தொட்டு, நுனிப்பக்கமாக வழுக்கப் பார்க்கும். குக்ரியில் அலகே கீழ்நோக்கி வளைந்திருப்பதால், மணிக்கட்டை மடக்காமலேயே வாய் மரத்தை எதிர்கொள்கிறது. மணிக்கட்டுப் பருமனுள்ள வேப்பங்கிளையை நேர்க்குத்தாக வெட்டாமல், ஒருபுறம் சாய்வாகவும் அடுத்த அடி எதிர்ச்சாய்வாகவும் வெட்டினால், நடுவிலிருந்து சிம்பு தெறித்து விழும். தடித்த, புடைத்த அலகு மரத்தைப் பிளந்து ஒதுக்குவதால் சிக்காமல் வெளியே வருகிறது; மெல்லிய கத்தி ஆழமாக இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அந்தப் புடைப்புத்தான் சமையலறையில் தடையாகிறது. கேரட்டை வைத்து அழுத்தினால், வாய் அடிவரை இறங்குவதற்கு முன்பே கேரட் ‘டக்’கென்று பிளந்துவிடும், அறுத்தது வாயல்ல, ஆப்பு போன்ற உடல். அரிவதற்கு வாயின் பின்புறம் மெல்லியதாக இருக்க வேண்டும், பொருளும் வாயும் ஒன்றன்மீது ஒன்று நீளவாக்கில் இழுபட வேண்டும். அந்த இழுப்பில் குறைந்த அழுத்தமே போதுமானதாகிறது. காசிமேட்டில் மீனை அரிவாள்மனையில் வைத்துத் தள்ளி இழுத்து நறுக்குகிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும்: அங்கே ஓங்கும் வேலையே இல்லை, எடைக்கும் தேவை இல்லை.

சாணை பிடிக்கும்போதும் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை பொருந்தும். குக்ரியை அவ்வளவு மெலிதாக்கினால் கணுவில் படும்போது வாய் மடங்கும். வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மடங்கிய இடம் பளபளவென மின்னும். நான் பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வைக்கிறேன். உட்குழிவான பகுதிக்குத் தட்டைக்கல் எட்டாது என்பதால் உருண்டைக் கல்லோ, உருளைக் கம்பியில் சுற்றிய உப்புத்தாளோ தேவைப்படும். இதுதான் இந்தக் கத்தியில் எனக்குச் சலிப்பூட்டும் ஒரே வேலை.