ரூ.21,600 கொடுத்து நான் வாங்கிய 40 படங்கள்

ஆன்லைனில் சின்ன அளவில் புடவை, நகை, ஊறுகாய் என்று எதை விற்பவராக இருந்தாலும், போட்டோ எடுக்க பேக்கேஜ் பேசப் போகும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன், நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் எனக்கே விளங்கியது.

கோவையில் வீட்டிலிருந்து காட்டன் புடவை விற்கிறேன். நானே போனில் எடுத்த படத்தை வைத்து இரண்டு வருஷம் ஓட்டினேன். இந்தத் தடவை பொங்கலுக்கு வந்த 24 புடவையையாவது உருப்படியாக எடுக்கலாம் என்று பிராடக்ட் போட்டோகிராபி செய்யும் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தேன். பெயர் போடப் போவதில்லை, புகார் நடக்கிறது. புடவைக்கு 900, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படம், எடிட்டிங் சேர்த்து. 24 புடவை, 120 படம், ரூ.21,600. படம் ஒன்றுக்கு 180 ரூபாய்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன்.

நம்பியது எப்போது தெரியுமா? எடுக்க வந்த பையன் செருப்பை வாசலிலேயே விட்டான், அம்மா கொடுத்த காபியை டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான். கையைத் துடைத்துவிட்டுப் புடவையைத் தொட்டான், முந்தானை மடிப்பை நீவி நீவி விட்டான். பார்டரைப் பிடிக்க ஆள் இல்லையென்று அம்மாவையே கூப்பிட்டு, "அம்மா, கை அழகா இருக்குங்க, வளையல் தெரியற மாதிரியே பிடிங்க" என்றான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, நம்ம கடை மாதிரி நினைச்சுப் பண்றேனுங்க" என்று அவன் சொன்னதும் கொட்டேஷனில் இரண்டாம் பக்கம் இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. வாட்ஸாப்பில் வந்ததற்கு ஓகே போட்டு ஒரு கட்டைவிரலும் போட்டேன். பாதி முன்பணம், மீதியைக் கட்டினால்தான் லிங்க் திறக்கும் என்றார்கள். கட்டினேன்.

லிங்க்கில் 120 ஃபைல் இருந்தது உண்மைதான். உட்கார்ந்து எண்ணினால் நிஜப் படம் 40. அதே படத்தைச் சதுரமாக ஒன்று, நெட்டுவாக்கில் ஒன்று, என் லோகோ போட்டு ஒன்று என்று மூன்றாக்கி 120 ஆக்கியிருக்கிறார்கள். 16 புடவைக்கு இரண்டிரண்டு, 8 புடவைக்கு ஒரே ஒன்று. பிளவுஸ் பிட் ஒன்றுகூடக் கிடையாது. புடவை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். ஐந்து என்றால் முழுப் புடவை, முந்தானை, பார்டர் நெருக்கத்தில், உடலின் நெசவு, பிளவுஸ் பிட் என்று நான் மனதில் கணக்குப் போட்டிருந்தேன். மனதில் இருந்தது கொட்டேஷனில் இல்லை. 180 என்று நினைத்த படம் 540 ஆகிவிட்டது.

எடிட்டிங் கதை அதைவிட மோசம். அவர்கள் அகராதியில் பேசிக் எடிட் என்றால் ஓரம் வெட்டி வெளிச்சம் ஏற்றுவது, அவ்வளவுதான். நான் விற்கும் தளத்தில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், சிவப்பு பச்சை நீலம் மூன்று எண்ணும் 255. இவர்கள் கொடுத்தது கண்ணுக்கு வெள்ளை. எடிட்டிங் ஆப்பில் கலர் பிக்கரை வைத்துப் பார்த்தால் 241. கேட்டதற்கு, பின்னணி நீக்குவது தனி, படத்துக்கு 60 என்றார்கள். முதல் படங்கள் 24-க்கு மட்டும் இன்னும் 1,440.

நிறத்தைப் பற்றிச் சொன்னால் வயிறு எரிகிறது. மயில் கழுத்து நிறத்தில் நான்கு புடவை. பாவு நீலம், ஊடு பச்சை, அதனால்தான் அசையும்போது நிறம் மாறும். அதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒரு மடிப்பாவது விழும்படி எடுத்தால்தான் இரண்டு நிறமும் தெரியும். இவர்கள் தட்டையாக விரித்து, எங்கள் ஹாலின் டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்ததில் எடுத்து, அப்புறம் எல்லாப் படத்துக்கும் ஒரே செட்டிங்கைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். மயில் கழுத்து வெறும் நீலமாகிவிட்டது, அரக்கு குங்குமச் சிவப்பாகிவிட்டது. முதல் வாரமே மூன்று ரிட்டர்ன். "படத்துல நீலம், வந்தது பச்சை" என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

போன் போட்டால் "எடிட்டர் ஊருக்குப் போயிருக்காருங்க்கா". அடுத்த நாள் "அண்ணா ஷூட்ல இருக்காரு". அதற்கு அடுத்த நாள் நீல டிக் மட்டும். நம்ம கடை மாதிரி நினைத்த பையன் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான். ரூ.21,600 என்பது அவர்களுக்கு ஒரு நாள் வேலை, எனக்கு ஒரு மாச லாபம்.

இவ்வளவோடு விட்டிருந்தால்கூடத் தலையெழுத்து என்று இருந்திருப்பேன். நேற்று ராத்திரி வேறு ஊரில் புடவை விற்கும் ஒருவரின் பக்கத்தில் என் படம். என் படம்தான் என்று எப்படித் தெரியும்? பார்டரைப் பிடித்திருப்பது அம்மாவின் கை. பச்சைக் கண்ணாடி வளையலில் அம்மா எப்போதும் மாட்டியிருக்கும் சேப்டி பின்கூட அப்படியே தெரிகிறது. லோகோ இல்லாத படத்தை இன்னொரு வாடிக்கையாளருக்கும் கொடுத்திருக்கிறார்கள். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் "கொட்டேஷன் ரெண்டாம் பக்கம் பாருங்க" என்று வைத்துவிட்டார்கள். பார்த்தேன். பொடி எழுத்தில், படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கே, வாடிக்கையாளர் ஒரே தளத்தில் ஆறு மாதம் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம். அதாவது ரூ.21,600 கொடுத்து நான் வாடகைக்கு எடுத்திருக்கிறேன்!

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளராம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. அதாவது நான் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால்கூட உரிமை என்னுடையது. இப்போது நான் போட்ட அந்த ஓகேயைத்தான் ஒப்பந்தம் என்று நீட்டுவார்கள் என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்திருக்கிறேன்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இன்னும் பார்சல் கட்டவில்லை, அதனால் சுருக்கமாக. படத்தின் எண்ணிக்கையை ஃபைலாகப் பேசாதீர்கள், ஒரு பொருளுக்கு எந்தெந்த ஷாட் என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள், அளவு மாற்றிக் கொடுப்பது எண்ணிக்கையில் சேராது என்றும் எழுதச் சொல்லுங்கள். எடிட்டிங் என்ற ஒற்றை வார்த்தையை ஏற்காதீர்கள், வெள்ளைப் பின்னணி, நிறத் திருத்தம், எத்தனை முறை திருத்தித் தருவார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். முதல் பொருளை எடுத்து முடித்ததும் நிஜத்தை போன் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள், ஒத்து வந்த பிறகு மிச்சம் எடுக்கட்டும். மீதிப் பணம் படங்களை எண்ணிய பிறகுதான். உரிமை வரியைத் தேடிப் படியுங்கள், அது ஸ்டுடியோ பக்கம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், அடிக்க மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், பார்டரைப் பிடிக்க உங்கள் அம்மாவைக் கூப்பிட்டால் விடாதீர்கள். அந்தப் படத்தை இன்னும் அம்மாவிடம் காட்டவில்லை.